வெள்ளவத்தையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: கல்யாண அழைப்பின் கதை

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒஸ்லோவுக்கும் இன்று போகும் திருமண அழைப்புகளில் பெரும்பாலானவை பத்து வரிகளைத் தாண்டுவதில்லை. மணமக்களின் பெயர், நாள், நேரம், இடம், வருவீர்களா என்ற ஒரு கேள்வி, அவ்வளவுதான். பழைய அழைப்பிதழைச் சுருக்கியே இது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பத்து வரிகளில் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தொல்லையால், இந்நகரத்துத் தமிழர் தமது அழைப்பில் சேர்க்க நேர்ந்த வரி. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அச்சிட்ட அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி, வருடம், மாதம், திகதி, கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்லி, 'எமது சிரேஷ்ட புத்திரன்', 'கனிஷ்ட புத்திரி' என்று பிள்ளைகளின் வரிசையையும் சொல்லும் அட்டை அது. 'திருவளர்செல்வி' என்றால் அவ்வீட்டில் இன்னும் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை உண்டு, 'திருநிறைச்செல்வி' என்றால் அதுவே கடைசிக் கல்யாணம் என்று பொருள் கொள்ளும் வழக்கமும் இருந்தது. பெற்றோரின் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் நிற்கும். படிப்பவர் இது யார் வீட்டுக் காரியம் என்பதை ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.

ஆனால் அந்த அட்டை தனியாக வந்ததில்லை. அதை ஒருவர் கொண்டுவந்தார். வீட்டுக்குள் வந்து அமர்ந்து, தேநீர் குடித்து, 'எல்லோரும் வந்து சேரவேணும்' என்று வாயால் சொன்னார். இதற்குக் 'கலியாணத்துக்குச் சொல்லுதல்' என்று பெயர். அட்டை கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை, 'உங்களுக்குச் சொன்னவையோ?' என்றுதான் கேட்பார்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எத்தனை மணிக்குத் தாலிகட்டு, யார் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தேநீர் நேரத்தில் பேசித் தீர்ந்துவிடும். ஆகவே அட்டையில் அவை இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. கொண்டுவந்த மனிதரே அழைப்பின் மற்றப் பாதியாக இருந்தார்.

அந்த மனிதர் போக முடியாத காலம் வந்தபோதுதான் அழைப்பு மாறத் தொடங்கியது.

சந்திக்கும் இடமாகிய கொழும்பு

1983 ஜூலைக்குப் பிறகு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் குடும்பங்கள் பல திசைகளில் பிரிந்தன. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டது. அது மீண்டும் திறந்தது யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், 2002 ஏப்ரலில். 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடப்பட்டது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெரியம்மா, லண்டனில் இருக்கும் சித்தப்பாவை விடத் தூரமானவர் ஆனார்.

இந்த நிலையில் கொழும்பு ஒரு நடு இடமாயிற்று. வடக்கிலிருந்து அனுமதி பெற்று வருபவரும் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவரும் சந்திக்கக்கூடிய இடம் இதுதான். மணமகன் கனடாவில், மணமகள் வடமராட்சியில், கல்யாணம் வெள்ளவத்தையில் என்பது சாதாரணச் செய்தியாயிற்று. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை மண்டபம் ஆகிய பெயர்கள், கொழும்பைப் பார்த்தேயிராத உறவினருக்கும் பழக்கமாயின.

வடக்கிலிருந்து வருபவர்கள் காலி வீதியை அண்டிய விடுதிகளில் தங்கினார்கள். அது பாதுகாப்பான தங்கலாக இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து அகற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்நடவடிக்கையை நிறுத்தியது. கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கவேண்டிய காலம் அது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அழைப்பிதழை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். மண்டபத்தின் முழு முகவரியும் திகதியும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததற்கு அப்போது வேறொரு பயனும் இருந்தது.

எந்த நேரம்?

அடுத்தது நேரம். 1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்து நாடு இருளில் தவித்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அவ்வாண்டு மே 25ஆம் திகதி அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்பக் குறைத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் திகதிதான் இலங்கை நேரம் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றாயிற்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது.

பஞ்சாங்கமும் பழைய நேரத்தில்தான் இருந்தது. காலை 9.10 முதல் 10.20 வரை முகூர்த்தம் என்று ஐயர் குறித்துக் கொடுத்தால், கொழும்பு மண்டபத்தின் சுவர்க் கடிகாரத்தில் அது 9.40 முதல் 10.50 வரை. அழைப்பிதழில் எதை அச்சிடுவது? சிலர் பஞ்சாங்க நேரத்தைப் போட்டார்கள்; சிலர் கடிகார நேரத்தைப் போட்டார்கள். எதைப் போட்டோம் என்று சொல்லாதவர் வீட்டில்தான் குழப்பம் வந்தது. 'புதிய நேரமோ பழைய நேரமோ?' என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளாத கல்யாணம் அந்தப் பத்தாண்டுகளில் அரிது. வன்னியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர் கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டால், தாம் நினைத்ததைவிட அரை மணி பிந்தி மண்டபத்துக்குள் நுழைவார், தாலி ஏறியிருக்கும்.

நேரத்தோடு 'எந்த ஊர் நேரம்' என்பதையும் எழுதவேண்டும் என்ற பாடத்தைக் கொழும்புத் தமிழர் கற்றது அப்போதுதான். இன்று அந்தப் பாடம் கடல் கடந்து பயன்படுகிறது. கல்யாணத்தை நேரலையில் பார்க்கும் உறவினருக்கு இது மிக அவசியம். ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கொழும்பில் காலை 9.10 என்றால், லண்டனில் அதிகாலை 4.40, பாரிஸிலும் ஒஸ்லோவிலும் 5.40, சிட்னியில் பிற்பகல் 1.40. ரொறன்ரோவில் அது சனிக்கிழமை இரவு 11.40. கனடாக்காரர் 'ஞாயிறு காலை' என்று மனதில் பதித்து, விடிந்து எழுந்து தொலைபேசியைத் திறந்தால், கொழும்பில் விருந்தும் முடிந்து பந்தல் கழற்றப்பட்டிருக்கும். ஆகவே ரொறன்ரோவுக்குப் போகும் செய்தியில் நேரத்தை மட்டுமல்ல, கிழமையையும் மாற்றி எழுதவேண்டும். குளிர்காலத்தில் இக்கணக்கு ஒரு மணியால் மாறும். ஐரோப்பா ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் கனடா நவம்பர் முதல் ஞாயிறிலும் கடிகாரத்தை மாற்றுவதால், இடைப்பட்ட நாட்களில் வைக்கும் கல்யாணத்துக்குக் கூடுதல் கவனம் தேவை.

திகதிக்கும் ஒரு சொல். 05/09 என்று எழுதினால் கொழும்பில் அது செப்டெம்பர் 5. வட அமெரிக்காவில் பலருக்கு அது மே 9. மாதத்தைப் பெயரால் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

jpUkzk; என்று வந்த அழைப்பு

தொண்ணூறுகளின் இறுதியில் காலி வீதியெங்கும் 'கொம்யூனிகேஷன்' கடைகள் இருந்தன. வெளிநாட்டு அழைப்பு, பக்ஸ், போட்டோப் பிரதி எல்லாம் அங்கே. அட்டையைப் பக்ஸில் அனுப்பினால் பிள்ளையார் படம் கறுத்த திட்டாகவும் எழுத்துக்கள் பாதி உடைந்தும் போய்ச் சேரும். பின்னர் மின்னஞ்சல் வந்தது. அதில் தமிழை அனுப்புவது வேறொரு சோதனை. நம்மவர் பெரும்பாலும் பயன்படுத்திய பாமினி எழுத்துரு அனுப்புபவரிடம் இருந்து பெறுபவரிடம் இல்லாவிட்டால், 'திருமணம்' என்ற சொல் திரையில் jpUkzk; என்று தெரியும். மங்களகரமான அழைப்பு முழுவதும் அப்படியே வந்து விழும்.

இதற்குத் தப்ப இரு வழிகள் கண்டார்கள். ஒன்று, ஆங்கிலத்தில் எழுதுவது. மற்றது, அட்டையை ஸ்கான் செய்து படமாக அனுப்புவது. யுனிகோட் பரவி, எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தெரியும் நிலை வந்த பின்பும் படம் அனுப்பும் பழக்கம் போகவில்லை. இன்றும் வட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் பூ வேலைப்பாடு கொண்ட ஒரு படம்தான். படத்துக்குள் இருக்கும் முகவரியைத் தொட்டால் வரைபடம் திறக்காது. தொலைபேசி எண்ணை அழுத்தினால் அழைப்புப் போகாது. பார்வை மங்கிய பெரியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும். காரணம் மறைந்த பின்னும் தங்கிவிட்ட வழக்கம் இது. அழகுக்குப் படம் இருக்கட்டும். விவரம் அதன் கீழே எழுத்தாக இருக்கவேண்டும்.

வருவீர்களா?

பழைய தமிழ் அழைப்பிதழில் இந்தக் கேள்வி கிடையாது. 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று வேண்டுவார்களே தவிர, வருகிறீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு. வர முடியாதவர் வாழ்த்துத் தந்தி அனுப்புவார். அது கல்யாண நாளில் வந்து சேரும், மண்டபத்தில் வாசிக்கப்படும். சமையற்காரருக்கு அதனால் பயன் இல்லை. அவருக்கு உத்தேசக் கணக்கே போதும். வாழையிலைச் சாப்பாட்டில் சாம்பாருக்கு இன்னொரு அண்டா வைத்தால் ஐம்பது பேரைச் சமாளிக்கலாம்.

கொழும்பின் ஆங்கில அட்டைகளில் மட்டும் மூலையில் 'ஆர்.எஸ்.வி.பி.' என்று பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் இருக்கும். தயவுசெய்து பதிலளிக்கவும் என்பது பொருள். மாலை வரவேற்பு ஹோட்டலுக்கு மாறியபோதுதான் இது தமிழ் வீடுகளுக்கும் உண்மையான கேள்வியாயிற்று. ஹோட்டல் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசும். குறைந்தது இத்தனை பேர் என்று உறுதி கேட்கும். அந்த எண்ணுக்கு ஆள் வராவிட்டாலும் பணம் கட்டவேண்டும். கூடிவிட்டால் மேசை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவோருக்குத் தங்குமிடம் வேறு பார்க்கவேண்டும்.

இங்கே நமது பேச்சு வழக்கு குறுக்கே வரும். 'வரப் பார்க்கிறம்' என்றால் என்ன? பெரும்பாலும் வரமாட்டோம் என்பதன் மரியாதையான வடிவம். கைகூப்பிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினால் அது வாழ்த்தா, வருகையா, மன்னிப்பா? இரண்டு நீலச் சரி அடையாளங்கள் செய்தி திறக்கப்பட்டதைச் சொல்லுமே தவிர வேறொன்றும் சொல்லா. ஆகவே கேள்வியை எண்ணில் பதில் வரும்படி கேட்கவேண்டும். 'குடும்பத்தோடு வாருங்கள்' என்பதை ஊரில் ஒருவிதமாகவும் ஐரோப்பாவில் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்வார்கள். 'எத்தனை பேர்?' என்று கேட்டால் மயக்கம் இல்லை. வர இயலாதவருக்கும் எளிதாகச் சொல்ல ஒரு பதிலைக் கொடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் அவர் மௌனம் காப்பார்.

கெடுவையும் இரண்டாக வைக்கவேண்டும். விமானச்சீட்டும் விடுமுறையும் பார்க்கவேண்டியவருக்கு மூன்று, நான்கு மாதம் முன்னரே திகதியும் நகரமும் மட்டும் சொன்னால் போதும். எத்தனை பேர் என்ற கேள்வி அடுத்த செய்தியில். அதற்கான கடைசி நாள், ஹோட்டலுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு ஒரு வாரமாவது முந்தியதாக இருக்கட்டும். பதில் தராத வீடுகளுக்குத் தொலைபேசி எடுக்க அந்த வாரம் வேண்டும்.

ஒரு மாதிரி

இவ்வளவையும் வைத்து ஒரு செய்தியை எழுதிப் பார்ப்போம். நாள் எடுத்துக்காட்டுக்காக, பஞ்சாங்கம் பார்த்து வைத்ததல்ல. ரொறன்ரோ உறவினருக்கு:

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,
எங்கள் மூத்த மகள் (பெயர்) – (மணமகன் பெயர், பெற்றோர், ஊர்) திருமணம்.
நாள்: ஓகஸ்ட் 30, ஞாயிறு. முகூர்த்தம் காலை 9.10 – 10.20, இலங்கை நேரம்.
நேரலை: உங்களுக்கு ஓகஸ்ட் 29, சனி இரவு 11.40.
இடம்: (மண்டபம்), காலி வீதி, வெள்ளவத்தை, கொழும்பு 06. சவோய் தியேட்டருக்கு அண்மையில். (வரைபட இணைப்பு)
எத்தனை பேர் வருகிறீர்கள், தங்குமிடம் வேண்டுமா என்று ஜூலை 31க்குள் இந்த எண்ணுக்கு எழுதுங்கள். வர இயலாவிட்டால் 0 என்று அனுப்பினால் போதும்.
(அழைப்பவர்: தந்தை பெயர், ஊர், இன்னாரின் மகன்)

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. 'இன்னாரின் மகன்' என்பதை வெட்டக் கூடாது. ரொறன்ரோவில் செய்தியைப் படித்துக் காட்டுவது பெரும்பாலும் அங்கே பிறந்த பிள்ளை. அதற்கு மணமகளின் பெயர் ஒன்றும் சொல்லாது. பாட்டனின் பெயரையும் ஊரையும் வாசித்தால் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்கு உடனே விளங்கும். அடையாளத்துக்குச் சவோய் தியேட்டரைச் சொன்னது, 1983இல் புறப்பட்டுப் போனவருக்கும் அது நினைவில் இருக்கும் என்பதால். அவர் போன பிறகு எழுந்த அடுக்குமாடிகளையோ, இன்று வாகனங்கள் ஓடும் மரைன் டிரைவையோ சொல்லிப் பயனில்லை. காலி வீதி என்று மட்டும் எழுதினாலும் போதாது. அது கொழும்பு 03, 04, 06 என்று நீண்டு தெஹிவளைக்கும் அப்பால் போகிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் நடக்கும் கல்யாணமானால் முகூர்த்தம் இராது. ஆனால் திருப்பலிக்கு ஒரு நேரமும் இடமும், வரவேற்புக்கு வேறொரு நேரமும் இடமும் இருக்கும். இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதவேண்டும்.

செய்தி போய்ச் சேராத இடங்கள்

வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் எண்ணைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பத்து வருடமாகப் பேசாத ஒன்றுவிட்ட சகோதரரிடம் உங்கள் எண் இருக்காது. நீங்கள் சொல்லிவிட்டதாக நினைப்பீர்கள்; அவர் சொல்லவில்லை என்று நினைப்பார். செய்திக்குப் பக்கத்தில் இரண்டாவது சரி அடையாளம் பல நாளாகியும் விழாவிட்டால் விசாரிக்கவேண்டும்.

பாதை மூடப்படுவதும் பழங்கதை அல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் இலங்கையில் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடியின் போராட்டக் காலத்தில் மறுபடி சில மணி நேரம் முடக்கினார்கள். அதே 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அட்டை அச்சிடுவதைக் கைவிட்டு எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிய வீடுகள் உண்டு. ஒரு வழி மட்டும் போதாது என்பதற்கு இந்நகரத்தில் வேறு சாட்சி வேண்டாம். பதில் தருவதற்குச் செய்தியில் சாதாரணத் தொலைபேசி எண் ஒன்றும் இருக்கட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்த பின்னரும் ஒன்று மிஞ்சுகிறது. குடும்பக் குழுவில் போடப்பட்ட அழைப்பைப் பார்த்தும் கல்யாணத்துக்கு வராத மாமா ஒருவரை அறிவேன். கேட்டபோது, 'குறூப்பில் கண்டனான், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே' என்றார். விவரம் முழுதும் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆனால் நமது சமூகத்தில் அழைப்பு என்பது விவரம் அல்ல, சொல்லுதல். சொல்லாமல் விட்டதற்காக இருபது வருடம் முகம் பாராத வீடுகள் வெள்ளவத்தையிலும் உண்டு, ஸ்காபரோவிலும் உண்டு.

அந்த மாமாவுக்கு வேண்டியிருந்தது இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பு. செய்தியை அனுப்புமுன், பெரியவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மணமக்களின் தாயோ தந்தையோ அதைச் செய்துவிட்டால், அதன் பின் போகும் பத்து வரிகள் சொன்னதை நினைவூட்டும் குறிப்பாகிவிடும். அந்த அழைப்பில் நேரமும் முகவரியும் சொல்லத் தேவையில்லை. 'பிள்ளைக்குக் கலியாணம், நீங்கள் வந்து நிற்கவேணும்' என்பது போதும். மிச்சத்தை எழுத்து பார்த்துக்கொள்ளும்.